அரக்குச் சேலையைப் பச்சையாக்கினால் அக்காவின் கன்னமும் பச்சையாகிறது: வழி சொல்லுங்கள்

புடவைக்கடை_மல்லி

சின்னாளப்பட்டியில் இருந்து சேலை எடுத்து ஆன்லைனில் விற்கிறேன். ஒரே டிசைன் நான்கு நிறத்தில் வந்திருக்கிறது: அரக்கு, ராமர் பச்சை, மயில் கழுத்து, சந்தனம். உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஜரிகைப் புட்டா, இரண்டு விரல் அகல ஜரிகைக் கரை. அக்காவுக்கு அரக்கு நிறத்தைக் கட்டிவிட்டுப் படம் எடுத்தேன். மற்ற மூன்றையும் கட்டி எடுக்க அவளுக்கு நேரமில்லை, அதனால் படத்திலேயே நிறத்தை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

GIMP 2.10 வைத்திருக்கிறேன். Colors → Hue-Saturation போய், R-ஐத் தேர்ந்தெடுத்து Hue-வை இழுத்தேன். சேலை பச்சையானது சரி. கூடவே அக்காவின் கன்னம், உதடு, குங்குமம், பின்னால் இருக்கும் செங்கல் சுவர் எல்லாம் பச்சையாகிவிட்டன. சேலை மட்டும் மாற என்ன செய்ய வேண்டும்?

நீலச்சட்டை

இதற்கு Select by Color போதும். Shift+O அழுத்தி, சேலையில் ஒரு இடத்தைத் தொட்டால் அந்த நிறம் முழுவதும் தேர்வாகும். அப்புறம் Hue-வை மாற்றுங்கள். என் நீலச் சட்டையை இப்படித்தான் இரண்டே நிமிடத்தில் மெரூன் ஆக்கினேன், முகத்தில் ஒரு துளி மாற்றம் இல்லை.

சாயப்பட்டறை_ராசு

அரக்குச் சேலையைப் பச்சையாக்க முடியாதும்மா. முதலில் பழைய சாயத்தை உரிக்க வேண்டும், அதில் ஜரிகை கறுத்துவிடும். வெளிர் நிறத்தின் மேல்தான் அடர் நிறம் ஏறும். சந்தனச் சேலையை எடுத்துப் பச்சை ஏற்றுங்கள், அதுதான் முறை.

புடவைக்கடை_மல்லி

ராசு அண்ணா, துணியை இல்லை, போட்டோவில் நிறம் மாற்றுவதைக் கேட்கிறேன் 😀

நீலச்சட்டை சொன்னதையும் செய்து பார்த்தேன். Threshold-ஐக் குறைத்தால் சேலை திட்டுத்திட்டாகத் தேர்வாகிறது, கூட்டினால் கழுத்தும் சேர்ந்து வருகிறது.

பழைய_ஸ்டூடியோ

நீலச்சட்டை தம்பி சொன்னது நீலத்துக்குச் சரி. மனிதத் தோலில் நீலமோ பச்சையோ கிடையாது, அதனால் நிறத்தை வைத்தே சட்டையைப் பிரித்துவிடலாம். அரக்கில் அது நடக்காது. நிற வட்டத்தில் சிவப்பு 0 டிகிரியில் இருக்கிறது. GIMP-இல் R என்று தொட்டால் அந்தப் பக்கம் 30, இந்தப் பக்கம் 30 டிகிரி என்று மொத்தமாகப் பிடிக்கும். நம் ஊர்த் தோல் நிறம் பெரும்பாலும் 15-இல் இருந்து 30-க்குள் வந்து விழும், செங்கல்லும் அங்கேதான். கல்யாண வீட்டு மஞ்சள் பல்பு வெளிச்சம் என்றால் கேட்கவே வேண்டாம், எல்லாம் ஒரே கும்பலாகிவிடும். ஆகவே நிறத்தைக் கேட்டு நிறத்தைப் பிரிக்கிற வேலை வேண்டாம். சேலை எங்கே இருக்கிறது என்பதை நீங்களே வரைந்து காட்டுங்கள், அதாவது மாஸ்க்.

Free Select (F) எடுத்துச் சேலையின் ஓரத்தைப் புள்ளி புள்ளியாகச் சுற்றி வாருங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரியும் சுவரை Ctrl அழுத்திக்கொண்டு சுற்றினால் அது கழிந்துவிடும். Feather 1 போதும், 10 வைத்தால் கையில் பச்சை வழியும். இப்போது மேலே ஒரு புது லேயர் போட்டு ராமர் பச்சையை நிரப்பி, Add Layer Mask-இல் Selection என்பதைக் கொடுங்கள். லேயர் இன்னும் Normal-இல் இருக்கும்போதே படத்தைப் பெரிதாக்கிச் சுற்றிப் பாருங்கள். சேலை மொட்டைப் பச்சையாகத் தெரியும், எங்கே ஓட்டை, எங்கே வழிந்திருக்கிறது என்று உடனே கண்ணில் படும். Select → None கொடுத்துத் தேர்வை எடுத்துவிட்டு மாஸ்க்கில் பூசுங்கள், வெள்ளை பிரஷ் சேர்க்கும், கறுப்பு நீக்கும். X அழுத்தினால் இரண்டும் இடம் மாறும்.

ஓரம் சரியான பிறகு லேயரின் Mode-ஐ LCh Hue ஆக்குங்கள். LCh Color என்றும் ஒன்று பக்கத்தில் இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது பளபளக்கிற மடிப்பு, நிழல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பச்சையை அப்பிவிடும், பட்டு போய் பெயின்ட் அடித்த தகரம் மாதிரி ஆகிவிடும். LCh Hue நிறத்தை மட்டும் திருப்பும். வெளிச்சம் பட்டு வெளுத்திருந்த மடிப்பு வெளுத்தே இருக்கும், சேலை சேலையாகத் தெரியும். பச்சை கண்ணைக் குத்தினால் கீழே உள்ள படத்தில் ஒரு நகல் எடுத்து, அதே மாஸ்க்கைப் போட்டு, Saturation-ஐக் கொஞ்சம் இறக்குங்கள்.

புடவைக்கடை_மல்லி

செய்துவிட்டேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. சேலை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் மூன்று சந்தேகம். ஜரிகையும் நீலப்பச்சையாகிவிட்டது. முழங்கை ஓரத்தில் மெல்லிசாக அரக்குக் கோடு நிற்கிறது. மூன்றாவதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, பார்த்தால் ஏதோ ஒட்டுவேலை மாதிரி இருக்கிறது. அம்மாகூட “இது அவள் கட்டின சேலை இல்லையே” என்றாள்.

பழைய_ஸ்டூடியோ

அம்மா கண் சரியான கண்.

ஜரிகை சுலபம். அரக்கு 350 பக்கம், ஜரிகை 40 பக்கம், இரண்டுக்கும் நல்ல இடைவெளி. பச்சை லேயரின் கண்ணை மூடிவிட்டுக் கீழே உள்ள அசல் படத்தில் நில்லுங்கள். Select by Color-இல் Select by என்ற இடத்தில் HSV Hue வைத்து ஒரு புட்டாவைத் தொடுங்கள். புட்டாக்கள், கரை, கூடவே அக்காவின் நகையும் கொஞ்சம் தோலும் தேர்வாகும், அது பரவாயில்லை. மாஸ்க்கில் போய் அந்தத் தேர்வுக்குள் கறுப்பை நிரப்புங்கள். நகையும் தோலும் மாஸ்க்கில் ஏற்கெனவே கறுப்புதான், அங்கே எதுவும் மாறாது.

கோட்டுக்கு ஒரு கேள்வி: இந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்ததா?

புடவைக்கடை_மல்லி

ஆமாம், அக்கா போனில் எடுத்து அனுப்பினாள்.

பழைய_ஸ்டூடியோ

அதுதான். வழக்கமாக JPEG படத்தில் வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி பதிவாகும், நிறம் மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று பதிவாகும். கண்ணுக்கு அது தெரியாது, நிறத்தை மாற்றும்போதுதான் காட்டிக்கொடுக்கும். சேலையின் அரக்கு ஒன்றிரண்டு புள்ளி தாண்டிக் கையில் ஏறியிருக்கிறது. வாட்ஸ்அப் படத்தை இன்னும் சுருக்கியும் இருக்கும். அசல் கோப்பை Document ஆக அனுப்பச் சொல்லுங்கள், கோடு பாதியாகக் குறையும்.

மீதி, உங்கள் மூன்றாவது சந்தேகத்தோடு சேர்ந்தது. அக்காவின் தாடைக்குக் கீழே, முழங்கையின் உள்பக்கம், இடுப்பு ஓரம் ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். சேலையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அங்கே அரக்காக விழுந்திருக்கும். சேலை பச்சையானாலும் தோலில் சிவப்பு நிழல் அப்படியே நிற்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொய் என்று தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காலி லேயர் போட்டு, இந்த முறை LCh Color வையுங்கள். நிழலே படாத கைப்பகுதியில் தோல் நிறத்தை எடுத்து, மெத்தென்ற பிரஷ்ஷில் 15 சதவீத Opacity வைத்து, அந்த இடங்களில் இரண்டு மூன்று தடவை தடவுங்கள். அந்தக் கோட்டின் மேலும் ஒரு இழுப்பு. முழுவதும் துடைத்துவிடக் கூடாது, கொஞ்சம் இருந்தால்தான் உயிர்.

கோவை_பிரபு

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அப்பா படத்தில் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், இளநீலமாக மாற்ற வேண்டும். மாஸ்க் எல்லாம் போட்டு Hue-வை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்தாலும் சட்டை அசையவே மாட்டேன் என்கிறது.

பழைய_ஸ்டூடியோ

வெள்ளையில் திருப்புவதற்கு நிறமே இல்லையே தம்பி. இளநீலம் நிரப்பிய லேயரை Multiply-இல் வைத்து, சட்டைக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். மடிப்பு நிழல் எல்லாம் தானாக வந்துவிடும். காலர் உள்பக்கத்தை மறக்காதீர்கள், நிறையப் பேர் அங்கேதான் வெள்ளையாக விட்டுவிடுகிறார்கள்.

புடவைக்கடை_மல்லி

ராமர் பச்சை வந்துவிட்டது, அம்மாவும் ஒப்புக்கொண்டாள். ஆனால் சந்தனம் வரவே இல்லை. LCh Hue-வில் காப்பிப்பொடி நிறமாக இருக்கிறது. Curves-இல் வெளிச்சத்தை ஏற்றினால் நிழல் பக்கம் எல்லாம் பொரிப்பொரியாகி, சேலை பாலிதீன் தாள் மாதிரி ஆகிறது.

பழைய_ஸ்டூடியோ

வராது. அடர் துணியில் மடிப்பைக் காட்டுவது பளபளப்பு, வெளிர் துணியில் மடிப்பைக் காட்டுவது நிழல். அரக்கின் பளபளப்பை எவ்வளவு ஏற்றினாலும் சந்தனத்தின் நிழல் அதில் இல்லை. இருட்டில் கேமரா பதிவு செய்த இரைச்சலையும் சேர்த்து ஏற்றுகிறீர்கள், அதுதான் பொரி.

ராசு அண்ணன் கேள்வியைத் தப்பாகப் படித்துச் சரியான பதிலைச் சொன்னார். சந்தனச் சேலையைக் கட்டி ஒரு படம் எடுங்கள், மற்ற மூன்றையும் அதிலிருந்து இறக்குங்கள். மாஸ்க் போட்டபின் சேலையை Desaturate செய்து, Levels-இல் வெளிச்சமான மடிப்பு வெள்ளையை ஒட்டும்வரை ஏற்றி, மேலே வேண்டிய நிறத்தை Multiply-இல் வையுங்கள். Desaturate செய்யாவிட்டால் பச்சையில் மஞ்சள் கலந்து வாழையிலை ஆகிவிடும். தோலில் விழும் நிழலும் சந்தன நிறமாகவே இருக்கும், துடைக்கும் வேலை மிச்சம்.

தறிக்காரர்_மகன்

இதில் எனக்கு ஒரு மறுப்பு. சந்தனமும் ஜரிகையும் கிட்டத்தட்ட ஒரே நிறம், HSV Hue வைத்துப் புட்டாவைப் பிரிக்க முடியாது. ஒவ்வொன்றையும் கையால்தான் மாஸ்க் செய்ய வேண்டும். அப்புறம் Multiply எல்லாவற்றையும் இருட்டாக்கும், பட்டின் பளபளப்பு போய் பருத்தி மாதிரி தெரியும். புட்டா நிறைய இருந்தால் அரக்கில் இருந்து எடுப்பதே நல்லது.

பழைய_ஸ்டூடியோ

புட்டா விஷயம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். பளபளப்பைத் திரும்பக் கொண்டுவரலாம், சாம்பலாக்கிய சேலையின் நகலை மேலே Screen-இல் வைத்து, Curves-இல் உச்சி வெளிச்சத்தை மட்டும் விட்டால் போதும். ஆனால் அசல் பட்டு மாதிரி வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

தறிக்காரர்_மகன்

மயில் கழுத்தை எந்த முறையில் செய்தாலும் சொதப்பும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்பின் ஒரு சரிவில் நீலம், மறு சரிவில் பச்சை தெரியும். ஒற்றை நிறத்தைப் பூசினால் வெறும் நீலப்பச்சைதான் கிடைக்கும். வாங்கியவர்கள் படத்தில் பார்த்தது வேறு என்று திருப்பி அனுப்புவார்கள். எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

நீலச்சட்டை

இரண்டு லேயர் போட்டு, நிழலுக்கு நீலம், வெளிச்சத்துக்குப் பச்சை என்று பிரித்தால் வராதா?

தறிக்காரர்_மகன்

நிறம் மாறுவது வெளிச்சத்தைப் பொறுத்து இல்லை, துணி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து. கொசுவத்தில் ஓரளவு ஏமாற்றலாம், முந்தானையில் மாட்டிக்கொள்வோம்.

புடவைக்கடை_மல்லி

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கெஞ்சி இரண்டு சேலை கட்ட வைத்தேன், சந்தனமும் மயில் கழுத்தும். கட்டியபடியே எடுத்துவிட்டதால் அந்த இரண்டுக்கும் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. ராமர் பச்சை மட்டும் அரக்கில் இருந்து மாற்றியது. பச்சைச் சேலையை விரித்து அதே சுவர் பக்கத்தில் ஒரு படம் எடுத்தேன். அதிலிருந்து Sample average வைத்து நிறத்தை எடுத்து நிரப்பியபின் துணியையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் லேப்டாப்பில் ஒத்துப்போகிறது, அக்கா போனில் பார்த்தால் கொஞ்சம் நீலம் அடிக்கிறது. இதில் எதை நம்புவது?

சாயப்பட்டறை_ராசு

துணியை நம்பும்மா. ஒரு முழம் நூலை அந்தச் சேலை மேல் வைத்துப் பகலில் ஒரு படம் எடுத்து அதையும் சேர்த்துப் போடு.