காரணம் சொன்ன பிறகும் மேனேஜர் ஆதாரம் கேட்கிறார், என்ன பதில் எழுதுவது?

தாரிணி: அப்பாவுக்குத் திடீரென்று முடியாமல் போய்ச் சென்னைக்கு ஓடி வந்தேன். கிளம்பும்போதே மேனேஜரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், "குடும்பத்தைப் பாருங்கள்" என்றார். இப்போது ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், "லீவுக்கு ஆதாரம் அனுப்பவும்" என்று மெயில் வந்திருக்கிறது. என்னை நம்பவில்லையா? வேலையில் சேர்ந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. இன்றைக்குள் பதில் போட வேண்டும்.

கண்ணன், டொராண்டோ: அப்பா சீக்கிரம் தேறட்டும்மா. நான் கனடா வந்த முதல் குளிர்காலத்தில் பனியில் பஸ் வராமல் லேட்டாகப் போனால்கூட சூப்பர்வைசர் போட்டோ கேட்பார். அழுதுகொண்டே எடுத்து அனுப்பியிருக்கிறேன். புது இடத்தில் எதிர்த்துப் பேச முடியாது. ஸ்கேன், பில், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அனுப்பிவிடு.

பிரியா: எதற்கு அனுப்ப வேண்டும்? அப்பாவின் ரிப்போர்ட் அவருடைய சொந்த விஷயம். பிரிட்டன் என்றால் 7 நாள் வரை டாக்டர் லெட்டரே வேண்டாம், நாமே எழுதிக் கொடுத்தால் போதும்.

ராஜா: நம் ஆட்களிடம் மட்டும்தான் இப்படிக் கேட்பார்கள். என் டீமில் ஒருவர் நாய்க்கு உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்தார், ஒரு கேள்வி இல்லை.

கண்ணன், டொராண்டோ: உண்மைதான். அதிலும் அந்த முதல் வருஷம்...

செல்வி, லெஸ்டர்: அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கொஞ்சம் நிறுத்துங்கள். தாரிணி, எந்த நாடு, என்ன விசா? மேனேஜர் சரி என்றது போனிலா, எழுத்திலா? எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை?

தாரிணி: லண்டன் அக்கா. ஸ்கில்டு ஒர்க்கர் விசா. போனில்தான் சொன்னார். போன செவ்வாய் கிளம்பினேன், இந்த வெள்ளி வரை என்று சொல்லியிருந்தேன். இன்னும் சில நாள் தேவைப்படும் போல இருக்கிறது.

செல்வி, லெஸ்டர்: நான் பல வருஷம் ஆபீஸில் லீவு கணக்குப் பார்த்தவள். பிரியா சொன்ன 7 நாள் உன் சொந்த உடம்புக்கு முடியாதபோது எடுக்கும் லீவுக்கு. அப்பாவுக்காக எடுப்பது வேறு. அதற்கு பிரிட்டனில் அவசர லீவு உரிமை உண்டு, முதல் நாளிலிருந்தே. அதற்கு எழுத்து ஆதாரம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அந்த லீவு நெருக்கடியைச் சமாளித்து ஏற்பாடு செய்யும் நாட்களுக்குத்தான். அதற்கு மேல் போகும் நாட்கள் வருடாந்தர லீவோ சம்பளமில்லா லீவோ, அவர் ஒப்புக்கொண்டால்தான்.

உன் விஷயத்தில் ஆதாரத்தைவிடப் பெரியது அனுமதி. அனுமதி இல்லாமல் தொடர்ந்து 10 வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், உன் விசாவுக்கு ஸ்பான்சர் செய்த கம்பெனி அதை பிரிட்டன் உள்துறையான ஹோம் ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். போன வாரச் செவ்வாயிலிருந்து இந்த வெள்ளி வரை 9 வேலை நாள். அடுத்த வாரமும் இருந்தால் தாண்டிவிடும். போனில் சொன்ன "சரி"க்கு எந்தத் தடயமும் இல்லை. அவர்கள் பைலில் காகிதம் வேண்டும் என்பதற்காகவும் கேட்டிருக்கலாம், அதனால் நம்பவில்லையா என்ற கேள்வியை மெயிலுக்குள் கொண்டுவராதே.

நடந்ததைத் திரும்பக் கதையாக எழுதாதே. ஆங்கிலத்தில் இவ்வளவு போதும்: "செவ்வாயன்று போனில் பேசியபடி இந்த வெள்ளி வரை லீவில் இருக்கிறேன். அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் இருப்பதால் அடுத்த புதன் வரை நீட்டிக்கக் கேட்கிறேன். அனுமதியையும், எந்த நாள் எந்த வகை லீவு என்பதையும் மெயிலில் உறுதி செய்யுங்கள். அட்மிஷன் கடிதம் இணைத்திருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று சொன்னால் அனுப்புகிறேன்."

தாரிணி: டிஸ்சார்ஜ் சம்மரி இன்னும் வரவில்லையே?

செல்வி, லெஸ்டர்: டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் வரும். இப்போது அட்மிஷன் கவுன்டரில் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேள். அப்பா பெயர், அட்மிட் ஆன தேதி, இன்னும் உள்ளே இருக்கிறார் என்பது, முத்திரை. வியாதி பெயர் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஸ்கேன் அனுப்பாதே, கண்ணன் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, நம் இனிஷியல். ஆஸ்பத்திரி காகிதத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரி, உன் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்கும். இவர் உன் அப்பா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் அச்சிட்டிருக்கும், அதைக் காட்டலாம்.

பிரியா: பாஸ்போர்ட் பக்கமா? அதில் வீட்டு முகவரி, அம்மா பெயர் எல்லாம் இருக்கிறது.

செல்வி, லெஸ்டர்: தகப்பனார் பெயரைத் தவிர மற்றதை மறைத்துவிட்டு அனுப்பு. அதுவும் அவர்கள் கேட்டால் மட்டும்.

தாரிணி: அந்தக் கடைசி நாட்களுக்குச் சம்பளம் வருமா அக்கா?

செல்வி, லெஸ்டர்: அது உன் கான்ட்ராக்டைப் பொறுத்தது. அவசர லீவுக்கே சம்பளம் தர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. சம்பளமில்லா லீவு என்றால் வருஷத்துக்கு மொத்தம் 4 வாரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள், தாண்டினால் விசாவுக்குச் சிக்கல். கவுன்டர் இப்போது திறந்திருந்தால் முதலில் கடிதத்தை வாங்கு. அட்டெண்டர் பாஸையும் போட்டோ எடுத்து வை, டிஸ்சார்ஜ் ஆகும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.