லேபல் போட்டோவ மட்டும் பாத்து கிறீம் நல்லம் எண்டு சொல்லேலுமா?

செங்கலடிப்_புள்ள: தங்கச்சிட கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு, முகம் வெளுக்க இந்த நைட் கிறீம வாங்கி வச்சிருக்காள். பின்பக்க லேபல போட்டோ எடுத்து போட்டிருக்கன். இது தோலுக்கு பாதுகாப்பா?

வாவிக்கரையான்: வேணாம் கா. நாலாவதா சீட்டைல் அல்கஹோல் எண்டு கிடக்கு, அல்கஹோல் தோல வறட்டிப் போடும்.

கிறீம்_காய்ச்சினவன்: கிறீம் செய்யிற கொம்பனியில கன காலம் வேல செஞ்சனான், அதால சொல்லுறன். அது மெழுகு மாதிரி ஒரு கொழுப்பு, கிறீம கட்டியாக்கப் போடுறது, தோல வறட்டாது. வறட்டுறது அல்கஹோல் டினாட் எண்டு எழுதி வாறது, அது மேலுக்கு நிண்டாத்தான் யோசிக்கணும், இதில அது இல்ல.

இந்த லிஸ்ட்ல நான் பாத்தது வேற. பொருளெல்லாம் கூடினதில இருந்து குறைஞ்சதுக்கு எழுதணும், 1 வீதத்துக்குக் கீழ போனா எப்பிடியும் மாத்தி எழுதலாம். ஏழாவதா பினொக்சிஎத்தனோல் நிக்குது, அது பழுதாகாம இருக்கப் போடுற சாமான், ஐரோப்பிய சட்டப்படி 1 வீதத்துக்கு மேல போடேலாது. அந்தக் கணக்குல செஞ்ச கிறீம் எண்டா அதுக்குப் பிறகு எழுதின எல்லாமே 1 வீதமோ அதுக்குக் குறையவோதான். வெளுக்க வைக்கிற சாமான் எண்டு பெட்டிட முன்பக்கம் பெருசா போட்டிருக்கிற ஆர்பியூட்டின் எங்க நிக்குது பாருங்க, அதுக்கும் பிறகு.

செங்கலடிப்_புள்ள: அப்ப பயமில்லத்தானே? குறைய எண்டா நல்லம்தானே

கிறீம்_காய்ச்சினவன்: பெட்டியில "ஏழு நாளில வெளுக்கும்" எண்டும் கிடக்கே, அந்தளவு ஆர்பியூட்டின வச்சு ஏழு நாளில ஒண்டும் நடக்காது. உண்மையா ஏழு நாளில வெளுத்தா, வெளுக்க வைக்கிறது லேபல்ல இல்லாத ஏதோ ஒண்டு.

கல்முனை_லாத்தா: எனக்கு நடந்தது அதுதான். கூட்டாளி ஒராள் தந்த கிறீம், ஒரு கிழமையில முகம் பளபளத்திச்சு, நிப்பாட்டின மறுகா சிவந்து எரிஞ்சு பருவும் போட்டு வெளிய போகேலாம கிடந்தன். ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னார். லேபல்ல கற்றாழ, விட்டமின் ஈ எண்டுதான் இருந்திச்சு.

வாவிக்கரையான்: அப்ப லேபல வாசிச்சு என்ன பிரயோசனம்? ஆம், இல்ல எண்டு ஒண்ட சொல்லுங்களன், ஆக்கள குழப்பாம.

கிறீம்_காய்ச்சினவன்: "வேணாம்" எண்டு சொல்ல லேபல் போதும், "பாதுகாப்பு" எண்டு சொல்லப் போதாது. வாசன திரவியம் ஒத்துவராத ஆளுக்கு பர்ஃபியூம் எண்ட ஒரு சொல்ல பாத்தே வேணாம் எண்டு சொல்லலாம், அந்தளவுக்கு பிரயோசனம். மற்றது, இந்த போட்டோவில வலது கரை டியூப் வளைவுல வெளிச்சம் பட்டு அழிஞ்சு போச்சு, கடைசி வரியில "மெதில்" வரைக்கும்தான் தெரியுது. அது மெதில்பரபெனா இருந்தா பெரிசா ஒண்டுமில்ல. மெதில்ஐசோதயசோலினோன் எண்டா கதை வேற, கன பேருக்கு அலர்ஜி வந்து, கழுவாம விடுற கிறீம்கள்ல போடக்கூடாதெண்டு ஐரோப்பாவில 2017ல நிப்பாட்டினவங்க. ஊகிச்சு சொல்ல மாட்டன், டியூப திருப்பித் திருப்பி மூண்டு போட்டோ எடுத்துப் போடுங்க, பெட்டில உள்ள எழுத்தையும் சேத்து.

வாவிக்கரையான்: இதுக்கு ஏன் இவ்வளவு? கையில கொஞ்சம் பூசிப் பாத்தா தெரிஞ்சிரும்.

கிறீம்_காய்ச்சினவன்: அலர்ஜிக்கு அது சரி, ஆனா ஒரு தரம் பூசிப் பாத்தா காணாது, முழங்கை மடிப்புல ஒரே இடத்தில காலையும் ராவும் ஒரு கிழமையாவது பூசணும், பிந்தி வாற அலர்ஜியும் இருக்கு. வெளுக்க வைக்க ஸ்டீரொயிட், மேர்க்குரி எண்ட பாதரசம் கலந்திருந்தா அதுல பிடிபடாது. ஸ்டீரொயிட் பூசின இடம் இன்னும் நல்லாத்தான் தெரியும்.

செங்கலடிப்_புள்ள: டியூப்ல மிச்சத்த வாசிச்சன், மெதில்பரபென்தான். ஆனா பெட்டிக்குள்ள ஒரு துண்டு இருக்கு, "பூசும்போது தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்க்கவும்" எண்டு. கல்யாணப் பொண்ணுக்கெண்டு எழுதினது போல.

கிறீம்_காய்ச்சினவன்: ஐயோ புள்ள, பூச விடாதீங்க. மேர்க்குரி தங்கத்தில பட்டா பிடிச்சு வெள்ளையாக்கிப் போடும். ஆர்பியூட்டினும் கிளிசரினும் தங்கத்த ஒண்டும் செய்யாது, பிறகு எதுக்கு அந்த எச்சரிக்கை? மேர்க்குரி தோலால உள்ள போய் கிட்னிய பழுதாக்கும், துவாய், தலகணியால வீட்டில சின்னப் புள்ளைகளுக்கும் போகும்.

வாவிக்கரையான்: நகை மங்கும் எண்டு சும்மா எழுதியிருக்கலாம். டெஸ்ட் பண்ணாம மேர்க்குரி எண்டு சொல்லுறதும் ஊகம்தானே?

கிறீம்_காய்ச்சினவன்: ஓம், இருக்கெண்டு நானும் சத்தியம் பண்ண மாட்டன். லெப்லதான் தெரியும். ஆனா அதுவரைக்கும் பூசுறதுக்கு ஒரு காரணமும் இல்ல. அவள் இதுக்குள்ள பூசத் தொடங்கிட்டாளா?

செங்கலடிப்_புள்ள: நாலு நாள் பூசிட்டாளாம், இப்பதான் சொல்லுறாள். கடக்காரர் பெட்டி உடைச்சா திருப்பி எடுக்க மாட்டாராம்.

கல்முனை_லாத்தா: காசு போகட்டும் கா. பெட்டியும் டியூப்பும் எறியாம கொண்டு போய் ஆஸ்பத்திரி தோல் கிளினிக்ல காட்டுங்க, மூத்திரத்தில மேர்க்குரி பாக்கலாமாம்.