2 கிராம் ஆஸ்பிரினுக்கு எந்த வழி? அணுச் சிக்கனக் கணக்கு குழப்புகிறது

தொண்டி டீச்சர்:
பிளஸ் டூ பிள்ளைகளை எட்டுக் குழுவாகப் பிரித்து ஆஸ்பிரின் செய்ய வைக்கப் போகிறேன். போன வருஷம் ஒரு குழுவுக்கு 2 கிராம் சாலிசிலிக் அமிலம், 5 மில்லி அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ஐந்து சொட்டு அடர் சல்பியூரிக் அமிலம். சராசரியாக 1.9 கிராம் கிடைத்தது. அணுச் சிக்கனம், அதாவது சமன்பாட்டில் உள்ளே போகும் எடையில் எத்தனை பங்கு விளைபொருளாகிறது என்று மூலக்கூறு எடைகளை வைத்துப் போட்டால் 75 சதவீதம் (180-ஐ 138 + 102-ஆல் வகுத்தால்). ஒரு பையன் கேட்டான்: "அப்ப கால் பங்குதானே வீண்? கழுவி ஊத்தினது ஏன் டீச்சர் இவ்வளவு புளிச்சு நாறுது?" பதில் சொல்ல முடியவில்லை. இந்த வருஷம் கழிவு குறைவான வழியாகப் போக வேண்டும். எதை மாற்றுவது?

கெமிஸ்ட்ரி மூன்றாம் வருஷம்:
மேடம், அன்ஹைட்ரைடை விட்டுடுங்க. அசிட்டைல் குளோரைடு போட்டா 83 சதவீதம். வெறும் அசிட்டிக் அமிலம் போட்டா தண்ணி மட்டும்தான் துணை விளைபொருள், 91 சதவீதம். எண் பெரிசா இருக்கிறதுதான் பசுமை வழி.

உப்பளத்து ஆள்:
நாங்க வாலிநோக்கம் பக்கம் உப்பு வாரின பிறகு மிஞ்சுற கசப்புத் தண்ணியில மக்னீசியம் நிறைய இருக்கும். அதுல பேதி உப்பு எடுக்கலாம்னு ஒரு வாட்டி காய்ச்சிப் பார்த்தேன், சாதா உப்பும் கலந்தே வந்துச்சு. எனக்கு எத்தனை சதவீதம்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்?

ஓய்வுபெற்ற ஆய்வக ஆள்:
அண்ணே, உங்களுடையது பிரித்தெடுப்பு. அங்கே இந்தக் கணக்குக்கே வேலை இல்லை. தனியாகக் கேளுங்கள், பேசுவோம்.

தம்பி, வகுத்தது சரி. ஆனால் அணுச் சிக்கனம் சமன்பாட்டை மட்டும்தான் பார்க்கும். 1991-இல் டிராஸ்ட் முன்வைத்ததும் அந்த அளவுக்குத்தான். போட்டதெல்லாம் விளைபொருளாக மாறும் என்பது அதன் அனுமானம். சாலிசிலிக் அமிலத்தின் ஃபீனால் பக்கம் வெறும் அசிட்டிக் அமிலத்தோடு லேசில் சேராது; சேர்ந்ததையும் தண்ணீர் திருப்பிப் பிரித்துவிடும். 91 சதவீதம் காகிதத்தோடு சரி. அசிட்டைல் குளோரைடு பாட்டிலை நம்ம கடற்காற்றில் திறந்து பாருங்கள், வெள்ளைப் புகை எழும்பும். அது ஹைட்ரஜன் குளோரைடு. பிள்ளைகள் தொண்டைக்கும் ஆகாது, பக்கத்தில் இருக்கும் தராசும் துருப்பிடிக்கும்.

டீச்சர், உங்கள் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. 2 கிராம் சாலிசிலிக் அமிலம் 14.5 மில்லிமோல். 5 மில்லி அன்ஹைட்ரைடு 5.4 கிராம், ஏறத்தாழ 53 மில்லிமோல். வேண்டியதைப் போல மூன்றரை மடங்கு ஊற்றியிருக்கிறீர்கள். மிச்சம் முழுக்கத் தண்ணீர் பட்டு அசிட்டிக் அமிலமாகிறது; வினையிலேயே வரும் அசிட்டிக் அமிலத்தையும் சேர்த்தால் ஒரு குழுவுக்கு ஐந்தரை கிராம். அதுதான் அந்தப் புளிப்பு நாற்றம். உள்ளே போனது 7.4 கிராம், வெளியே வந்தது 1.9. உண்மையான கணக்கு 26 சதவீதம்தான்.

எனவே வழியை மாற்ற வேண்டாம், அளவை மாற்றுங்கள். 2.8 மில்லி போதும், அதுவே இரண்டு மடங்கு. முதலில் கூழ் போலத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். 50–60 டிகிரி வெந்நீரில் வைத்தால் தெளியும். கால் மணி நேரம் வைத்திருங்கள். சூடாக இருக்கும்போதே 2 மில்லி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மிஞ்சியதை முடித்துவிட்டு, பிறகு குளிர்ந்த தண்ணீர் 20 மில்லி. மீன் ஐஸ் கிடைத்தால் குடுவைக்கு வெளியே மட்டும். கழுவுவது கேன் தண்ணீரில், அதுவும் கொஞ்சமாக. அறை வெப்பத்தில் 50 மில்லியில் கழுவினாலே 0.15 கிராம் கரைந்து போகும்.

தொண்டி டீச்சர்:
பாட்டில் மழைக்காலத்தில் திறந்தது சார். புதுசு வாங்கப் போனால் போதைமருந்துச் சட்டத்துக் கட்டுப்பாட்டில் வருவதால் கடைக்காரர் காகிதம் கேட்கிறார்.

ஓய்வுபெற்ற ஆய்வக ஆள்:
குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல அன்ஹைட்ரைடு எண்ணெய்த் துளிபோல அடியில் போய் உட்காரும். விட்டவுடன் கலந்தால் பாதிக்கு மேல் அமிலமாகிவிட்டது என்று வையுங்கள்; இரண்டு மடங்கு என்ற கணக்கே பொய்யாகும்.

தொண்டி டீச்சர் (நாலு நாள் கழித்து):
துளி உட்கார்ந்தது, அடியிலேயே மெதுவாகக் கரைந்தது. 2.8 மில்லியில் செய்தேன். 1.8 கிராம். கிடைக்க வேண்டிய 2.6 கிராமை வைத்துப் பார்த்தால் விளைச்சல் 73 சதவீதத்திலிருந்து 69-ஆக இறங்கியது. ஆனால் உள்ளே போனது 5 கிராம்தான் என்பதால் உங்கள் கணக்கில் 36 சதவீதம். புளிப்பு நீரில் பிள்ளைகள் இடித்த சிப்பித் தூளைப் போட்டார்கள், மெதுவாக நுரைத்தது, ராத்திரி முழுக்க விட்டோம்.

ஒரு சங்கடம். ஃபெரிக் குளோரைடு சொட்டினால் லேசாக ஊதா வருகிறது.

கெமிஸ்ட்ரி மூன்றாம் வருஷம்:
அன்ஹைட்ரைடு பத்தல மேடம், சாலிசிலிக் அமிலம் மிஞ்சியிருக்கு. 3.5 மில்லி போடுங்க.

ஓய்வுபெற்ற ஆய்வக ஆள்:
இருக்கலாம். காயப்போட்ட இடத்து ஈரத்திலேயே ஆஸ்பிரின் உடைந்தும் இருக்கலாம். வடிகட்டிய கையோடு ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை சோதியுங்கள். முதலிலேயே ஊதா என்றால் தம்பி சொல்வது சரி. எத்தனாலில் மறுபடிகமாக்கினால் போய்விடும், ஆனால் எட்டுக் குழுவுக்கும் கரைப்பான் கழிவு கூடும். நான் செய்ய மாட்டேன்.

தொண்டி டீச்சர்:
திங்கட்கிழமை இரண்டு தடவையும் பார்க்கிறேன்.