சேம்பர் நின்றுபோய் கைடிடம் டைம் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

மாத்திரை_மலர்:
என் பிஹெச்டி வேலை ஒரு மாத்திரை ஃபார்முலேஷனின் ஸ்டெபிலிட்டி, அதாவது நாளாக நாளாக அது எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பது. 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள சேம்பரில் 6 மாதம் வைக்க வேண்டும். மூன்றாம் மாத சாம்பிளை எடுத்து, மருந்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஹெச்பிஎல்சியில் போட்டாகிவிட்டது. ஆறாம் மாதம் நெருங்கும்போது சேம்பரில் நீராவி தரும் ஹீட்டர் எரிந்துபோனது. டிஸ்ப்ளேயில் வெப்பம் 40 என்றே இருந்ததால் வார இறுதியில் யாருக்கும் தெரியவில்லை. ஈரப்பதம் 38-க்கு இறங்கியிருந்தது. ஸ்பேர் வருவதற்கும் வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

கைடு சார் அறைக்குப் போய், "இன்னும் ஆறு மாதம் வேண்டும் சார், முதலிலிருந்து போட வேண்டும்" என்றேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மாத்திரை எதிலம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பாதி இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் உள்ள அலு-அலு பிளிஸ்டரில், பாதி திறந்த பெட்ரி டிஷ்ஷில் என்றேன். "அப்போ எது கெட்டதுன்னு எழுதிக்கொண்டு வா, அப்புறம் டைம் பேசலாம்." அவ்வளவுதான். கடைசியில் திறந்த செட்டுக்கு மட்டும் டைம் கிடைத்தது. பிளிஸ்டர் செட் அப்படியே தொடர்ந்தது. அது சரியா என்று இன்றுவரை மனதை அரிக்கிறது.

கியூசி_கணேசன்:
உங்கள் சார் கேட்டது சரியான கேள்வி. அலு-அலுவுக்குள் வெளி ஈரம் ஏறக்குறைய போகவே போகாது. வெளியே 75 இருந்தாலும் 38 இருந்தாலும் உள்ளே இருக்கும் மாத்திரைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வெப்பம் மாறவில்லை என்பதற்கு டேட்டா லாகர் பிரிண்ட் இருந்தால் அந்த செட் நிற்கும். ஈரம் ஊடுருவும் பிவிசி பிளிஸ்டராக இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் ஸ்காலராக இருந்தபோது எங்கள் சேம்பரும் இப்படிப் படுத்தது. மேடம் டைம் தரவில்லை, வழி சொன்னார். இறுக மூடும் கண்ணாடிப் பாத்திரமான டெசிகேட்டரின் அடியில் சாதாரண உப்பைக் கரையாத உப்பு மிஞ்சும் அளவுக்குப் போட்டுத் தண்ணீர் விட்டு, 40 டிகிரி ஓவனில் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75-ஐ ஒட்டியே நிற்கும். உள்ளே ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் வேண்டும். அடியில் உப்பு முழுவதும் கரைந்திருந்தால் ஈரப்பதம் ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே உப்பு சேர்க்க வேண்டும். கொஞ்சம் சாம்பிள்தான் கொள்ளும், ஆனால் ஸ்காலருக்கு அது போதும்.

தேனி_பிஹெச்டி:
இவ்வளவு எதற்கு? சேம்பர் நின்ற நாட்களைக் கடைசியில் கூட்டிக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். பிஹெச்டி முடிக்க யுஜிசி 6 வருடம் தருகிறது. கைடு ஒரு கையெழுத்துப் போட்டால் அதற்கு மேலும் நீட்டலாம். என் கைடு கேட்டதும் கொடுத்தார்.

கியூசி_கணேசன்:
நாட்களைக் கூட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, தம்பி. அந்த நாட்களில் ஈரம்தான் இல்லை, 40 டிகிரி இருந்தது. நீரால் சிதைவது மெதுவாகியிருக்கும், ஆக்சிஜனால் சிதைவது நிற்காமல் நடந்திருக்கும். நாளைக் கூட்டினால் ஒன்று சரியாகும், இன்னொன்று கூடிவிடும். மருந்து எந்த வழியில் சிதைகிறது என்று தெரிந்தால்தான் அதைச் செய்யலாம்.

ஆராய்ச்சி_அக்கா:
6 வருடக் கணக்கையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். யுஜிசியின் 2022 விதிப்படி அது சேர்ந்த தேதியிலிருந்து ஓடும், சேம்பர் பழுதானாலும் நிற்காது. அதற்கு மேல் ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் மூலம் அதிகபட்சம் 2 வருடம். பெண்களுக்கு இன்னொரு 2 வருடம் வரை சலுகை உண்டு. இதைக் கைடு பரிந்துரைக்கத்தான் முடியும், பல்கலைக்கழகம்தான் தர வேண்டும். ஃபெல்லோஷிப் இதோடு சேர்ந்து நீளாது. அதனால் பழுதான வாரத்திலேயே சர்வீஸ் இன்ஜினியர் ரிப்போர்ட், லாக் புக் பக்கம், எந்த சாம்பிள் பாதித்தது, அதற்கு மட்டும் எத்தனை மாதம் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்த ஆராய்ச்சி ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள். வாய்வார்த்தை இரண்டு வருடம் கழித்து எடுபடாது.

செல்_லைன்_செல்வி:
எனக்கு மைனஸ் 80 ஃப்ரீசர். ராத்திரி கம்ப்ரஸர் நின்று காலையில் கதவடியில் தண்ணீர். அக்கா சொல்கிற மினிட்ஸ் எல்லாம் இருந்தது. ஆனாலும் மேடம் டைம் தரவில்லை, நாலாவது ஆப்ஜெக்டிவையே எடுத்துவிடச் சொன்னார். இரண்டு வருடம் சேகரித்த நோயாளி சாம்பிள் அது, திரும்ப வராது. உங்களுக்கெல்லாம் மாத்திரையைத் திரும்பப் போடவாவது முடிகிறது.

மாத்திரை_மலர்:
செல்வி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. கணேசன் அண்ணா, லாகர் பிரிண்ட் இருக்கிறது, தீசிஸின் பின்னிணைப்பில் சேர்க்கப் போகிறேன். மருந்து எஸ்டர் வகை, நீரால்தான் சிதைகிறது. அதனால் திறந்த செட்டை நாள் கூட்டாமல் புதிதாகவே வைத்துவிட்டோம். ஆனால் சேம்பர் நின்ற விஷயத்தை ரிசல்ட் பகுதியிலேயே சொல்ல வேண்டுமா, பின்னிணைப்பு போதுமா என்பதில் எனக்கும் சாருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ரிசல்ட்டிலேயே, பிளிஸ்டர் அட்டவணைக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.