வாய் எரிச்சலா, எரிவாயா, வாய்க்காந்தலா? துண்டறிக்கைக்கு ஒரு சொல் வேண்டும்

மங்கை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பல் மருத்துவப் பிரிவின் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாதவிடாய் நிற்கும் வயதிலும் அதற்குப் பிறகும் பெண்களுக்கு அதிகமாக வரும், ஆங்கிலத்தில் பர்னிங் மவுத் சிண்ட்ரோம் எனப்படும் வாய் நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேவைப்படுகிறது.

சில மாதங்களுக்கு முன் 53 வயது அம்மையார் ஒருவர் சிறிய பிளாஸ்கில் பனிக்கட்டித் துண்டுகளுடன் வந்தார். பேச்சுக்கு நடுவே ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டார். ஐந்து மாதமாக நாக்கு நுனியும் கீழுதட்டின் உட்புறமும் பச்சை மிளகாயைக் கடித்தது போல இருப்பதாகச் சொன்னார். விடியும்போது ஒன்றும் தெரியாது. பத்து மணிக்குத் தொடங்கி இரவு படுக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். சாப்பிடும்போது மட்டும் அடங்கிவிடும். விளக்கு வைத்துப் பார்த்தேன். புண் இல்லை, சிவப்பு இல்லை, வெள்ளைப் படலம் இல்லை. இதற்கு முன் பார்த்தவர்கள் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டதால் வீட்டில் யாரும் தன்னை நம்பவில்லை என்று அழுதார். வரைவில் இப்போது "வாய் அழற்சி" என்று இருக்கிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

புலவர் திருநாவுக்கரசு எழுதியது:

அம்மா, "எரிவாய்" என்று சொல்லுங்கள். அது வினைத்தொகை. எரிந்த வாய், எரிகின்ற வாய், எரியும் வாய் என்று மூன்று காலத்தையும் ஒருங்கே தன்னுள் அடக்கிக்கொள்ளும். நேற்றும் இன்றும் நாளையும் நீங்காத துன்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொகை ஏது? இது வேண்டாமென்றால் "வாய்க்காந்தல்" இருக்கிறது. மிளகாய் அரைத்த கை காந்துகிறது என்று நம் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள். காந்து என்னும் வினையோடு, தீக்கொழுந்து போல் மலரும் காந்தளையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். காந்தம் வேறு, அது வடசொல்வழி வந்தது.

பழனிவேல் எழுதியது:

நான் சித்த மருத்துவம் பார்ப்பவன். "அழற்சி" என்பதில் என்ன பிழை? அழல் என்றாலே தீ. பித்தத்தை நாங்கள் அழல் என்றே சொல்கிறோம். இது முழுக்க உடற்சூடு. புளியும் காரமும் குறைத்தால் தணிந்துவிடும்.

மங்கை எழுதியது:

பழனிவேல் ஐயா, வேர்ச்சொல்லைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் பள்ளிப் பாடநூலிலிருந்து மருத்துவமனைப் பலகை வரை "அழற்சி" என்ற சொல் வீக்கத்தையும் சிவப்பையும் குறிப்பதாக நிலைத்துவிட்டது. இந்த நோயில் அவை இரண்டும் இல்லை. இல்லாததால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது. அழற்சி என்று அச்சிட்டால் நோயாளிகள் மருந்துக்கடைக்குப் போய் நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி விழுங்குவார்கள். காரம் இருக்கும் எரிச்சலைக் கூட்டும், குறைத்தால் இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் நோயின் வேர் அதில் இல்லை. 2005இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், இந்நோயாளிகளின் நாக்கிலிருந்து துளித் திசு எடுத்துப் பார்த்தபோது மேற்தோலில் நுண்ணிய நரம்பிழைகள் குறைந்திருந்தன. குறை நரம்பில் இருக்கிறது. தோலின் மேல் எதுவும் தெரிவதில்லை.

கமலா எழுதியது:

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு 49 வயதில் இதே நோய் வந்தது. நாக்கு வழவழவென்று சிவந்து, சாம்பார்ச் சோறு பட்டாலே உயிர் போகும். இரத்தப் பரிசோதனையில் பி12 அளவு 140 என்று வந்தது. ஊசி போட்டுக்கொண்டேன், இரண்டு மாதத்தில் சரியாயிற்று. "நாக்கெரிச்சல்" என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் விளங்கும். பி12 ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மங்கை எழுதியது:

கமலா அக்கா, உங்களுக்குக் குணமானதில் மகிழ்ச்சி. ஆனால் உங்களுக்கு வந்தது வேறு. உங்கள் நாக்கு வழவழப்பாகிச் சிவந்திருந்தது, சாப்பிட்டால் எரிச்சல் கூடியது, ஒரு குறைபாடும் பிடிபட்டது. அந்த அம்மையாருக்கு நாக்கு சுத்தமாக இருக்கிறது, சாப்பிட்டால் எரிச்சல் அடங்குகிறது. காரணம் பிடிபடும் எரிச்சல் ஒன்று, எதைத் தேடியும் காரணம் பிடிபடாத எரிச்சல் இன்னொன்று. எனக்குப் பெயர் வேண்டியது இரண்டாவதற்கு. முதலாவது இல்லை என்று உறுதி செய்த பிறகே இரண்டாவதைச் சொல்ல வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாக, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்திருக்கவும் வேண்டும்.

அதனால் அந்த அம்மையாருக்கு இரத்த அணுக்கள், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தோம். பூஞ்சை உண்டா என்று நாக்கிலிருந்து வழித்தும் சோதித்தோம். ஐந்து நிமிடம் எச்சிலைக் குவளையில் துப்பச் சொல்லி அளந்தோம், நிமிடத்துக்கு 0.1 மில்லிக்குக் கீழே இறங்கியிருந்தால் வறட்சியைக் காரணமாக எண்ணியிருப்போம், இறங்கவில்லை. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிட்டு வந்தார். அந்த வகை மாத்திரை சிலருக்கு வாயெரிச்சல் தரும் என்பதால் அவருடைய மருத்துவரிடம் கேட்டு மாற்றினோம், எரிச்சல் குறையவில்லை. வெற்றிலை பாக்கு உண்டா என்றும் கேட்டோம். பாக்கு மெல்பவர்களுக்குக் காரம் பட்டால் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளிறி விறைத்து, வாய் திறப்பது குறுகி வருவது தனி நோய். அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை.

ரவி எழுதியது:

நான் மென்பொருள் மொழிபெயர்ப்பாளன். "எரிவாய்" என்பதை யார் தட்டெழுதினாலும், கைதவறி ஓர் உகரம் சேர்ந்தால் "எரிவாயு" ஆகிவிடும். நோயாளிக்குக் கொடுக்கும் தாளில் அது வரக்கூடாது. "காந்தல்" என்றால் எங்கள் வீட்டில் பானையின் அடிப்பிடித்த சோறு.

திருநாவுக்கரசு எழுதியது:

அடிப்பிடித்த சோற்றுக்கும் அந்தப் பெயர் வந்தது காந்தியதால்தானே. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது குற்றமன்று. நீங்கள் விரும்பும் "எரிச்சல்" என்ற சொல்லுக்கு மட்டும் ஒரே பொருளா? "எரிச்சலாக வருகிறது" என்றால் சினம். ஏற்கனவே மனப்பிரமை என்று பழிக்கப்படும் பெண்ணுக்கு அந்தச் சொல்லைக் கொடுப்பது சரியா என்று எண்ணிப் பாருங்கள்.

மங்கை எழுதியது:

ஐயா, உங்கள் கடைசி வரி என்னை இரவெல்லாம் யோசிக்க வைத்தது. ஆனாலும் அந்த அம்மையாரிடம் மூன்று பெயர்களையும் காட்டியபோது அவர் "வாய் எரிச்சல் நோய்" என்பதைத்தான் தொட்டார். நோய் என்ற சொல் ஒட்டியிருப்பதால் வீட்டாரிடம் காட்டலாம் என்றார்.

சிகிச்சைப் பகுதியில் எழுதியிருப்பது இவ்வளவுதான். நுரை மிகுந்த பற்பசையையும் சாராயம் கலந்த வாய்க்கழுவியையும் நிறுத்துவது. தண்ணீரை அடிக்கடி சிறுகச் சிறுக அருந்துவது. சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்வது. மருந்தென்றால், மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் குளோனசெபாம் 1 மில்லிகிராம் மாத்திரையை எரியும் இடத்தருகே மூன்று நிமிடம் வைத்து, எச்சிலை விழுங்காமல் துப்பிவிட வேண்டும்; நாளுக்கு மூன்று முறை. சிலருக்கு நன்றாகக் குறைகிறது, சிலருக்கு இல்லை. தூக்கக் கலக்கமும் பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு. அந்த அம்மையாருக்கு இரண்டு வாரத்தில் மாலை நேர எரிச்சல் ஏறக்குறைய பாதியாயிற்று. பனிக்கட்டியை இன்னும் விடவில்லை.

ரவி எழுதியது:

"வாய் எரிச்சல் நோய்" என்பதற்கு என் வாக்கு. கமலா அக்காவும் ஒப்புக்கொண்டதாகத் தனி மடலில் சொன்னார்.

பழனிவேல் எழுதியது:

இருக்கட்டும். அழற்சி வேண்டாமென்பதை ஏற்கிறேன். அழல் என்ற சொல்லை இழப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

திருநாவுக்கரசு எழுதியது:

தலைப்பு உங்கள் விருப்பப்படி இருக்கட்டும், அம்மா. ஆனால் உள்ளே, நோயாளி தன் துன்பத்தைச் சொல்லும் வரியில், "நாக்கு காந்துகிறதா?" என்று ஒரு முறையாவது கேளுங்கள். சினத்தோடு குழப்பிக்கொள்ள முடியாத சொல் அது ஒன்றுதான்.

மங்கை எழுதியது:

கேள்வி எண் 2இல் சேர்த்துவிட்டேன், ஐயா. பிழை திருத்திய படி இன்று மாலை அச்சகத்துக்குப் போகிறது.