முன்சுமை, பின்சுமை: எது முன், எது பின்?

உயிரியல் ஆசிரியை, உப்புவெளி

எல்லோருக்கும் வணக்கம். தாதியர் பயிற்சிக்குப் போக இருக்கும் நாலைந்து பிள்ளைகளுக்கு இடது இதயவறையின் அமுக்க–கனவளவு வரைபைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். கிடையாகக் கனவளவு, நிலைக்குத்தாக அமுக்கம். ஒரு துடிப்பில் புள்ளி ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும். அதுவரை சிக்கல் இல்லை.

முன்சுமை, பின்சுமை என்று எழுதியதும் குழப்பம் வந்தது. "பின்சுமை கூடினால் படம் எப்படி மாறும்?" என்று கேட்டேன். இரண்டு பேர் படத்தின் வலப்பக்கத்தை இன்னும் வலப்பக்கமாக இழுத்தார்கள். ஏன் என்று கேட்டால், "பின் என்றால் பின்பக்கம்தானே ரீச்சர்" என்கிறார்கள். உண்மையில் அது முன்சுமை கூடும்போது வரும் மாற்றம்! சொல்லே பிள்ளைகளைத் தவறான பக்கம் அனுப்புகிறது. வேறு சொல் தாருங்கள். தசை எவ்வளவு பலமாகச் சுருங்கும் என்பதற்கு எழுதிய சுருங்குதிறன் என்ற சொல்லும் சரியா என்று பாருங்கள்.

ஓய்வுபெற்ற கப்பல் பொறியியலாளர், சீனன்குடா

ரீச்சர், இந்தப் படத்தை நான் 30 வருடம் எஞ்சின் அறையில் பார்த்திருக்கிறேன். சிலிண்டருக்குக் கருவியைப் பூட்டினால் அமுக்கமும் கனவளவும் தாளில் விழும். உள்ளே அடைபட்ட பரப்பளவுதான் ஒரு சுற்றில் கிடைக்கும் வேலை. உங்கள் படத்திலும் அதேதான் அடிப்பு வேலை. "சுமை" என்றால் எங்களுக்கு எஞ்சின் தள்ள வேண்டியது. ஆகவே சுமை கூடினால் வேலையும் கூடும், பரப்பளவும் கூடும். பின்சுமையை "வேலைச்சுமை" என்று வைத்துவிடலாமே.

ஒரு சந்தேகம். எங்கள் எஞ்சின் படம் வலஞ்சுழியாகப் போகும். நீங்கள் அனுப்பிய படத்தில் அம்புக்குறி இடஞ்சுழியாக இருக்கிறது. இடஞ்சுழி என்றால் வேலையை உள்ளே வாங்குவது. அம்புக்குறி பிழையாக விழுந்துவிட்டதா?

மருந்தக உதவியாளர், கிண்ணியா

பின்சுமை என்பது பிரஷர்தான். பிரஷர் கூடினவர்களுக்கு அதைக் குறைக்கத்தானே மாத்திரை கொடுக்கிறோம். "இரத்த அமுக்கச் சுமை" என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

அப்புறம் ஒரு சொந்த விடயம். அப்பாவுக்கு ஸ்கான் செய்து "இதயம் 37 வீதம்தான் வேலை செய்யுது" என்றார்கள். மிச்சம் 63 வீதம் செத்துப் போய்விட்டது என்றா அர்த்தம்? இந்தப் படத்தில் அது எங்கே தெரியும்?

உடற்றொழிலியல் விரிவுரையாளர், திருகோணமலை

முதலில் ஐயாவின் அம்புக்குறி. அது சரியாகத்தான் இருக்கிறது. எஞ்சினில் வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. இங்கே தசைச்சுவர் இரத்தத்தைத் தள்ளுகிறது. உங்கள் கப்பலில் எஞ்சினை நினைக்காமல் காற்றமுக்கியை நினையுங்கள். அதன் படம் இடஞ்சுழி. வேலையை வாங்குவது உள்ளே இருக்கும் இரத்தம், கொடுப்பது சுவர். கீழ்க்கோடு வலப்பக்கம் போகும்போது அறை நிரம்புகிறது. வலக்கோடு ஏறும்போது வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும், அமுக்கம் மட்டும் ஏறும். மேற்கோடு இடப்பக்கம் வரும்போது இரத்தம் வெளியேறுகிறது. இடக்கோட்டில் தசை தளர்கிறது.

"பின்" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இது இதயத்துக்கு வந்ததே தனித் தசைப் பரிசோதனையில் இருந்துதான். தசைத் துண்டின் நுனியில் ஒரு சிறு பாரத்தைத் தொங்கவிடுவார்கள். தசை சுருங்கத் தொடங்கும் முன்பே அது தசையை இழுத்து நீட்டி வைக்கும். பிறகு இன்னொரு பாரத்தைச் சேர்ப்பார்கள், ஆனால் அதைத் தாங்க ஒரு முட்டு இருக்கும். சந்தையில் தரையில் கிடக்கும் மூட்டையைப் போல. நீங்கள் குனிந்து பிடிக்கும்வரை அதன் பாரம் உங்களுக்குத் தெரியாது, தூக்கத் தொடங்கிய பின்புதான் தெரியும். ஆக, முன்னும் பின்னும் நேரத்தைச் சொல்கின்றன, இடத்தை அல்ல. தமிழில் நேரத்துக்கும் இடத்துக்கும் ஒரே சொல் என்பதால்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள்.

இனி "சுமை கூடினால் வேலை கூடும்" என்பது. இது பாதி சரி. கணக்குக்காக ஓர் இதயம் எடுப்போம். நிரம்பி முடிந்தபோது 120 மில்லிலீற்றர். அடித்து முடிந்தபோது 50. வெளியேறியது 70. அடித்து முடியும்போது அமுக்கம் 100 மி.மீ. இரசம். படத்தைச் செவ்வகம் என்று வைத்தால் பரப்பளவு 70 தர 100, அதாவது 7000. யூலில் கிட்டத்தட்ட 0.93. (உண்மைப் படத்தின் மேற்பக்கம் வளைந்திருக்கும், கீழே நிரப்பும்போது இரத்தம் சுவரைத் தள்ளும் வேலையும் உண்டு. இப்போதைக்கு விடுவோம்.)

இந்த இதயத்தின் தசை மாறாமல் இருந்தால், படத்தின் இடப்பக்க மேல்மூலை ஒரே நேர்கோட்டில்தான் விழும். அந்தக் கோடு 10 மில்லிலீற்றரில் தொடங்கி, ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் 2.5 மி.மீ. இரசம் ஏறுகிறது என்று வைத்தால் 50இல் சரியாக 100 வரும்.

பின்சுமையைக் கூட்ட நாடிகளை இறுக்குவோம். நிரம்பும் அளவு 120ஆகவே இருக்கட்டும். மூலை அந்தக் கோட்டிலேயே மேலே நழுவும்: அமுக்கம் 137.5, மிஞ்சியது 65, வெளியேறியது 55. வேலை சுமார் 7560. கொஞ்சம் கூடியிருக்கிறது. இன்னும் இறுக்குவோம்: அமுக்கம் 165, மிஞ்சியது 76, வெளியேறியது 44 மட்டும். வேலை 7260. குறையத் தொடங்கிவிட்டது! படம் ஒல்லியாகி உயர்ந்துகொண்டே போகும். இரத்தமே வெளியேறாத அளவுக்கு இறுக்கினால் அது வெறும் நிலைக்குத்துக் கோடு, பரப்பளவு பூச்சியம். தசை மாரடித்துக்கொண்டிருக்கும், படத்தில் வேலை இல்லை. அதனால் "வேலைச்சுமை" என்ற பெயரை நான் ஏற்க மாட்டேன்.

முன்சுமை வேறு மாதிரி. இறுக்கத்தைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து, நிரம்பும் அளவை 142 ஆக்குங்கள். வெளியேறுவது 84, அமுக்கம் 120. படம் அகலத்திலும் உயரத்திலும் சேர்ந்து வளர்வதால் வேலை 10080. வெளியேற்றம் 1.2 மடங்கு, வேலை 1.44 மடங்கு.

கிண்ணியாத் தம்பிக்கு: பின்சுமையில் பிரஷருக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பெருநாடி வால்வு ஒடுங்கினவருக்குக் கையில் பிரஷர் சாதாரணமாக இருக்கலாம், இதயவறை உள்ளே பெரிய அமுக்கத்துக்கு எதிராகத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த 37 வீதம் என்பது நிரம்பியதில் எவ்வளவு வெளியேறியது என்பது. நல்ல இதயத்திலும் அது 100 வருவதில்லை. மேலே பாருங்கள்: 120இல் 70 என்றால் 58 வீதம், 120இல் 44 என்றால் 37 வீதம். தசையில் நான் கையே வைக்கவில்லை, நாடியை மட்டும்தான் இறுக்கினேன். அப்பாவுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. தசை பலவீனத்தாலும் அதே எண் வரும். அதைப் பார்த்தவர்களிடமே கேளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

உங்கள் அமுக்கம் எங்களுக்கு அழுத்தம், உங்கள் கனவளவு எங்களுக்குக் கன அளவு. அது பழகிவிடும். திறன்தான் பிரச்சினை. எங்கள் பாடநூல்களில் திறன் என்றால் ஒரு வினாடியில் செய்யும் வேலை. சுருங்குதிறன் என்று படித்தால் எங்கள் பிள்ளை வாட்டில் அளக்கப் பார்க்கும். சுருங்கு வலு என்று வைக்கலாமா?

ஓய்வுபெற்ற கப்பல் பொறியியலாளர், சீனன்குடா

அதுவும் ஆகாது தம்பி. நீங்கள் திறன் என்பதைத்தான் நாங்கள் வலு என்கிறோம். எங்கள் பிள்ளை வாட்டில் அளக்கும். காற்றமுக்கி விடயம் சரி, என் பிழை.

உடற்றொழிலியல் விரிவுரையாளர், திருகோணமலை

சுருங்குதன்மை என்று வைக்கலாம். மீள்தன்மை என்ற சொல்லின் பக்கத்தில் இது ஒட்டி உட்காரும். பொருளும் பொருந்தும். நான் சொன்ன 2.5 என்ற சரிவுதான் சுருங்குதன்மையின் அளவு. அதை 4 ஆக்கினால், நிரம்பும் அளவும் நாடிகளும் மாறாமலே வெளியேற்றம் 81, அமுக்கம் 116, வேலை சுமார் 9400 ஆகும். மூலை இடப்பக்கம் மேலே போகும்.

அந்தக் கோட்டை நாய் இதயங்களில் காட்டியவர்கள் சுகாவும் சகாவாவும், 1970களில். ஒரே ஒரு படத்தை வைத்துக் கோட்டை வரைய முடியாது என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். கீழ்ப் பெருநாளத்தைப் பலூனால் சில துடிப்புகளுக்கு அடைப்பார்கள். நிரம்புவது குறையக் குறையப் படங்கள் சிறிதாகி இடப்பக்கம் வரும். மூலைகளைத் தொடுத்தால் கோடு கிடைக்கும். அடைப்பு நீண்டால் உடல் விழித்துக்கொண்டு துடிப்பைக் கூட்டும், தசையையும் உசுப்பும். பிந்திய மூலைகள் கோட்டை விட்டு விலகினால் அதுதான் நடந்திருக்கிறது.

உயிரியல் ஆசிரியை, உப்புவெளி

சுருங்குதன்மை என்றதும் துணி தோய்த்துச் சுருங்கும் ஞாபகம் வருகிறது, பரவாயில்லை. பின்சுமைக்கு எதிர்ச்சுமை, முன்சுமைக்கு நிரப்புச்சுமை என்று எழுதிப் பார்த்தேன். அதே கேள்வியை இன்று காலை கேட்டேன். ஒருத்தியைத் தவிர எல்லோரும் ஒல்லியான உயர்ந்த படத்தை வரைந்தார்கள். முதலில் நிறைசுமை என்றுதான் நினைத்தேன், நிறை என்றால் பிள்ளைகள் தராசைத் தேடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

எதிர்ச்சுமைக்கு என் வாக்கு. ஆனால் முன்சுமை, பின்சுமை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. தேடுகிறவர்களுக்காக முதல் தடவையாவது இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

உடற்றொழிலியல் விரிவுரையாளர், திருகோணமலை

எதிர்ச்சுமை நல்லது. நிரப்புச்சுமையில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பல வருடம் பிரஷர் இருந்து சுவர் தடித்து விறைத்த இதயவறையை எடுங்கள். நிரப்பும் அமுக்கம் 25 வரை ஏறியிருக்கும், நிரம்பிய அளவோ 90தான். நிரப்புச்சுமை கூடவா குறைவா? அமுக்கத்தைப் பார்ப்பவர் கூட என்பார், கனவளவைப் பார்ப்பவர் குறைவு என்பார். தசைநாருக்குத் தெரிவது எவ்வளவு இழுபட்டோம் என்பது மட்டும்தான்.

உயிரியல் ஆசிரியை, உப்புவெளி

அப்படியானால் "இழுசுமை"யா? அந்த ஒருத்தி இன்று காலை கேட்டதும் இதைத்தான்: "ரீச்சர், நிரப்புறது இரத்தம், சுமக்கிறது சுவர், பிறகேன் நிரப்புச்சுமை?" வியாழக்கிழமைக்குள் தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை முன்சுமையை அப்படியே விட்டு, பின்சுமையை மட்டும் மாற்றுகிறேன்.