220 ஓம் போட்டும் எல்.இ.டி மின்மினி மாதிரி எரிகிறது, கணக்கு தப்பா?

தக்கலை டிப்ளமோ

அர்டுயினோ ஊனோவில் முதல் முறையாக போர்டுக்கு வெளியே ஒரு எல்.இ.டி வைத்து பிளிங்க் செய்து பார்க்கிறேன். சிவப்பு, 5 மி.மீ, நாகர்கோவிலில் வாங்கியது. கடையில் டேட்டாஷீட் எல்லாம் கிடையாது, "ரெண்டு வோல்ட், இருபது மில்லி" என்று மட்டும் சொன்னார்கள். அதை வைத்து இப்படிப் போட்டேன்:

```
R = (5 - 2) / 0.02 = 150
```

150 கைவசம் இல்லை, 220 இருந்தது. 8-ஆம் பின்னிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து எல்.இ.டியின் நீளக் கால், குட்டைக் கால் GND-க்கு. ஒரு விநாடி எரிகிறது, ஒரு விநாடி அணைகிறது, அதெல்லாம் சரி. ஆனால் பகலில் எரிவதே தெரியவில்லை. கையைக் குவித்து மறைத்துப் பார்த்தால்தான் உள்ளே சிவப்பாக ஒரு பொட்டு தெரிகிறது. 150 வாங்க மறுபடி நாகர்கோவில் போகணுமா, இல்லை கணக்கே தப்பா?

மார்த்தாண்டம் மெக்கானிக்

கணக்கு சரிதான் தம்பி. 150 வர வேண்டிய இடத்தில் 220 போட்டால் வெளிச்சம் குறையத்தான் செய்யும். 100 ஓம் போடு. 3-ஐ 100-ஆல் வகுத்தால் 30 மில்லி ஆம்பியர், ஊனோ பின் 40 தாங்கும். நான் ரெசிஸ்டரே இல்லாமல் எரித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. பின்னுக்குள்ளேயே கொஞ்சம் தடை இருக்கு. பிளிங்க் வேறு, பாதி நேரம் அணைந்துதானே கிடக்கும், சூடாக நேரமேது.

குளச்சல் குடில்

எனக்கும் இதே தொல்லை. கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குள் பத்து சிவப்பு எல்.இ.டியை ஒன்றோடொன்று பக்கவாட்டில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் கொடுத்து, வள்ளத்து 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினேன். நான்கு நன்றாக எரிகிறது, மற்றதெல்லாம் மங்கல். உப்புக் காற்றில் கால் கறுத்துப் போயிருக்குமோ? உங்கள் எல்.இ.டி காலையும் சுரண்டிப் பாருங்கள்.

வேளிமலை அக்கா

தம்பி, ரெசிஸ்டர் வாங்கக் கிளம்பாதே. 150 போட்டால் 20 மில்லி ஆம்பியர், 220 போட்டால் 13.6. மூன்றில் ஒரு பங்கு குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருவேளை வித்தியாசம் தெரியும், தனியாகப் பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது. 1000 ஓம் போட்டு 3 மில்லி ஆம்பியர் ஓடினாலே வீட்டுக்குள் தாராளமாகத் தெரியும். கை குவித்துப் பார்க்க வேண்டிய அளவுக்கு மங்கல் என்றால் கரண்ட் நூறில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது. அது 150-க்கும் 220-க்கும் உள்ள சண்டை இல்லை.

இரண்டு காரியம் செய். முதலில் ரெசிஸ்டரின் நிறப்பட்டைகளை இங்கே எழுது. 220 என்று நினைத்து 22,000 ஓமை மாட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிற ஒன்று, அதிலும் நீல உடம்பு ஐந்து பட்டை ரெசிஸ்டரில். அப்புறம், 8-ஆம் பின்னில் இருக்கிற வயரை மட்டும் பிடுங்கி, ஊனோவில் 5V என்று எழுதியிருக்கிற பின்னில் செருகு. வேறு எதையும் தொடாதே. பிளிங்க் ஆகாது, நின்று எரியும். வெளிச்சம் எப்படி என்று சொல்.

மெக்கானிக் அண்ணா, அந்த 40 என்பது ஊனோவில் உள்ள ATmega328P சிப்புக்கு எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் சிப் கெடலாம் என்று எழுதியிருக்கிறார்களே தவிர, அது வரை தினமும் ஓட்டலாம் என்று இல்லை. 20-க்குள் நிற்பதுதான் நல்லது. பிளிங்க் பாதி நேரம் அணைந்திருப்பதும் உதவாது. எல்.இ.டியின் உள்ளே இருக்கிற துண்டு கடுகை விடச் சின்னது, அது சூடாக ஒரு விநாடி எல்லாம் வேண்டாம்.

தக்கலை டிப்ளமோ

பட்டைகள்: சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. நீல உடம்புதான். 5V-ல் மாட்டினேன் அக்கா, கண் கூசுகிறது! திரும்ப 8-ல் மாட்டினால் பழையபடி பொட்டு.

வேளிமலை அக்கா

கொள்ளாம். அது 220-தான். மறுமுனையிலிருந்து படித்தால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, சிவப்பு என்று 10,000 ஓம் ஆகியிருக்கும், ஆனால் 5V-ல் கண் கூசுகிறது என்றால் அப்படி இல்லை. உன் ரெசிஸ்டர், எல்.இ.டி, GND வயர், பிரெட்போர்டு எல்லாம் சரி. குறை 8-ஆம் பின் பக்கம்.

மல்ட்டிமீட்டர் இருக்கா? இருந்தால் `loop`-ல் அணைக்கிற வரியையும் `delay` வரிகளையும் எடுத்துவிட்டு HIGH மட்டும் விடு. மினுக்கிக்கொண்டே இருந்தால் மீட்டரில் எண் நிற்காது. டி.சி வோல்ட்டில் வைத்து, ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் ஒவ்வொரு புரோபாக வைத்துப் படி. பிறகு 8-ஆம் பின்னுக்கும் GND-க்கும் நடுவில் படி. கரண்ட் அளக்கிறேன் என்று புரோபை ஆம்பியர் துளைக்கு மாற்றாதே. அந்த நிலையில் தவறி 5V-க்கும் GND-க்கும் நடுவில் வைத்துவிட்டால் மீட்டர் ஒரு வயர் துண்டாகத்தான் நடந்துகொள்ளும், ஃபியூஸ் போகும்.

தக்கலை டிப்ளமோ

ரெசிஸ்டரில் 0.02 வோல்ட். 8-ஆம் பின்னுக்கும் GND-க்கும் 1.67. பின் 5 வோல்ட் தர வேண்டாமா?

வேளிமலை அக்கா

தர வேண்டும். இதிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. 0.02-ஐ 220-ஆல் வகுத்துப் பார், 0.00009 ஆம்பியர் சொச்சம், அதாவது 0.1 மில்லி ஆம்பியர்கூட இல்லை. நீ எதிர்பார்த்தது 13.6. பின்னில் 5-க்கு 1.67 இருப்பதால் மிச்சம் 3.3 வோல்ட் சிப்புக்குள்ளேயே விழுகிறது. 0.09 மில்லி ஆம்பியருக்கு 3.3 வோல்ட் விழ வேண்டுமானால் உள்ளே 36,000 ஓம் பக்கம் ஒரு தடை இருக்க வேண்டும். அந்த அளவில் இந்தச் சிப்புக்குள் இருப்பது ஒன்றே ஒன்று, புல்-அப் ரெசிஸ்டர். 20,000 முதல் 50,000 ஓம் வரை இருக்கும்.

உன் பின் அவுட்புட்டாகவே இல்லை என்று நினைக்கிறேன். இன்புட்டாக இருக்கிற பின்னுக்கு HIGH எழுதினால் ஊனோ அந்தப் புல்-அப்பை ஆன் செய்யும். அதன் வழியாகத்தான் எல்.இ.டி தாகம் தீராமல் எரிகிறது. கோடைப் போடு.

தக்கலை டிப்ளமோ

`Blink` உதாரணத்தை எடுத்து எண்ணை மட்டும் மாற்றியது:

```
void setup() {
  pinMode(LED_BUILTIN, OUTPUT);
}
void loop() {
  digitalWrite(8, HIGH);
  delay(1000);
  digitalWrite(8, LOW);
  delay(1000);
}
```

வேளிமலை அக்கா

`setup`-ல் இன்னும் `LED_BUILTIN` கிடக்கிறது பார். ஊனோவில் அது 13-ஆம் பின். 13 அவுட்புட், 8 இன்புட். `pinMode(8, OUTPUT);` என்று மாற்று. மறுபடி அதே இரண்டு இடத்தையும் அள.

தக்கலை டிப்ளமோ

எரியுது அக்கா! ரெசிஸ்டரில் 2.7, பின்னில் 4.7. ஒரு சந்தேகம். 2.7-ஐ 220-ஆல் வகுத்தால் 12.3 மில்லி ஆம்பியர்தான் வருகிறது. கணக்கில் 13.6 இருந்ததே?

மார்த்தாண்டம் மெக்கானிக்

நான்தான் முதலிலேயே சொன்னேனே, பின்னுக்குள்ளேயே தடை இருக்கு என்று.

வேளிமலை அக்கா

அது உண்மை அண்ணா, அந்த 0.3 வோல்ட் அங்கேதான் போகிறது. 0.3-ஐ 0.0123-ஆல் வகுத்தால் 25 ஓம் பக்கம். ஆனால் அந்த 25 ஓமை மட்டும் நம்பி எல்.இ.டியை நேரே மாட்டினால் கரண்ட் 40-ஐத் தாண்டும். உங்கள் போர்டு பிழைத்தது அதன் அதிர்ஷ்டம்.

தம்பி, 12.3-ஐ 13.6 ஆக்க மெனக்கெடாதே. நீ போட்ட "2 வோல்ட்" என்பதே தோராயம், சிவப்பு எல்.இ.டி 1.8-லிருந்து 2.2 வரை எப்படியும் இருக்கும். அதே எல்.இ.டிக்குக்கூட ஒரே எண் கிடையாது. முதலில் அளந்தபோது பின்னில் 1.67, ரெசிஸ்டரில் 0.02, ஆக எல்.இ.டியில் 1.65. இப்போது 4.7-லிருந்து 2.7 போனால் 2. கரண்ட் நூறு மடங்குக்கு மேல் கூடியும் வோல்ட் 0.35-தான் கூடியிருக்கிறது. ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டியை வோல்ட்டை வைத்துக் கட்டுப்படுத்த முடியாது என்பது இதனால்தான். துளி வோல்ட் கூடினால் கரண்ட் எகிறிவிடும்.

குளச்சல் அண்ணாச்சி, உங்கள் கதை வேறு. பத்தும் பக்கவாட்டில், ரெசிஸ்டர் ஒன்று என்றால், எது 1.85-ல் எரியுமோ அது கரண்டை அள்ளிக்கொள்ளும், 2 வேண்டியது மங்கும். மூன்று மூன்றாக வரிசையில் கோத்து ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக 470 ஓம் போடுங்கள். பேட்டரி 12-ல் இருந்தால் மிச்சம் 6 வோல்ட், 12.8 மில்லி ஆம்பியர். எஞ்சின் ஓடிச் சார்ஜ் ஏறும்போது 14.4 வந்தாலும் 18-ஐத் தாண்டாது. கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

தக்கலை டிப்ளமோ

காலேஜ் லேபில் இருப்பது ஊனோ R4 மினிமா. இதே 220-ஐ அதில் மாட்டலாமா?

வேளிமலை அக்கா

வேண்டாம். பார்க்க ஊனோ மாதிரியே இருக்கும், பின்னும் 5 வோல்ட்தான், ஆனால் சிப் வேறு. ஒரு பின்னுக்கு 8 மில்லி ஆம்பியர்தான் எல்லை. நீ வகுத்த 0.02 எல்.இ.டியின் எண், பின்னின் எண் இல்லை. இரண்டில் எது சின்னதோ அதை வைத்து வகு:

```
R = (5 - 2) / 0.008 = 375
```

எல்லையிலேயே நிற்க வேண்டாம், 470 போட்டால் 6.4. வெளிச்சத்தில் நீ குறை சொல்ல மாட்டாய்.

மார்த்தாண்டம் மெக்கானிக்

8 மில்லிதானா? அப்போ அதில் ரிலே எப்படி ஓட்டுவது?

குளச்சல் குடில்

மூன்று வரிசை கோத்துவிட்டேன், ஒன்பது எல்.இ.டி. இரண்டு வரிசை ஜோராக எரிகிறது. மூன்றாவது வரிசையில் மூன்றும் மங்கல், 470-தான் போட்டிருக்கு, மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று.

வேளிமலை அக்கா

அந்த வரிசையின் ரெசிஸ்டரில் எத்தனை வோல்ட் என்று அளந்து சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் சொன்ன கறுத்த காலை யோசிக்கலாம்.